480: நடுவில் நின்றுவிட்ட எண்

நாளொன்றுக்கு ஏழு லிட்டர் சிறுநீர் கழிக்கிறார், சர்க்கரை நோய் கிடையாது. இப்படி ஒருவர் என் முன்னால் வந்து உட்காரும்போது ஒரே கேள்விதான் மிஞ்சுகிறது. உடம்பிலிருந்து தண்ணீர் வெளியேறிவிடுவதால் குடிக்கிறாரா, குடிப்பதால் வெளியேறுகிறதா? முதலாவது டயாபடீஸ் இன்சிபிடஸ். தண்ணீரைத் தேக்கி வைக்கும்படி சிறுநீரகத்துக்குச் சொல்ல மூளையில் சுரக்க வேண்டிய வாசோபிரசின் என்ற ஹார்மோன் குறைந்துபோயிருக்கும், அல்லது சிறுநீரகம் அதற்குச் செவிசாய்க்காமல் இருக்கும். இரண்டாவது, தாகமோ பழக்கமோ தேவையைத் தாண்டி வளர்ந்துவிட்ட நிலை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தலைமாட்டில் தண்ணீர்ப் பாட்டில், நிறமே இல்லாத சிறுநீர், பஸ் பயணம் என்றாலே ஒரு பயம். இரண்டையும் பிரிக்கத்தான் தண்ணீரை நிறுத்திப் பார்க்கும் சோதனை இருக்கிறது. 1970இல் மில்லரும் மோசஸும் அவர்களுடைய சகாக்களும் வகுத்த முறையைத்தான் சிறுசிறு மாற்றங்களோடு இன்றும் செய்துவருகிறோம்.

பாடப்புத்தக அட்டவணை நேர்த்தியானது. தண்ணீரை நிறுத்திய பிறகும் சிறுநீரின் செறிவு கிலோவுக்கு 300 மில்லி ஆஸ்மோலுக்குக் கீழேயே இருந்தால் டயாபடீஸ் இன்சிபிடஸ். 800க்கு மேல் ஏறினால் அந்த நோய் இல்லை. எனக்குப் பல காலமாக உறுத்துவது இவ்விரண்டுக்கும் இடையில் கிடக்கும் அகன்ற வெளிதான். வருபவர்களில் கணிசமானோர் அந்த இடைவெளியில்தான் வந்து நிற்கிறார்கள். அங்கே நின்ற ஒருவரைப் பற்றியது இந்தக் கட்டுரை. அவருடைய எண் 480. அந்த ஒரே தாளைப் படித்த இரண்டு மருத்துவர்கள் நேரெதிரான இரண்டு முடிவுகளைச் சொன்னார்கள். இருவருமே திறமையானவர்கள் என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது.

வந்தவர்

அவர் முப்பத்தெட்டு வயதுப் பெண். தையல் கடை நடத்துகிறார். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய அக்காவுக்குச் சிறுநீரகக் கல் வந்து படாத பாடு பட்டதைக் கூடவே இருந்து பார்த்திருக்கிறார். “தண்ணீர் குடிக்காமல் இருந்ததால்தான் வந்தது” என்று யாரோ சொன்னது அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது. தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு லிட்டர் பாட்டில் வந்தது, பிறகு அது இரண்டானது. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு செம்பு, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால் ஒரு செம்பு என்று ஒழுங்கும் வந்தது. எப்போதிலிருந்து இவ்வளவு ஆனது என்று கேட்டால் அவரால் சொல்ல முடியவில்லை. இது ஒரு தடயம். மூளையில் வாசோபிரசின் திடீரென்று குறைந்துபோனவர்கள் பெரும்பாலும் நாளைக்கூடச் சொல்வார்கள். “பொங்கலுக்கு மறுநாள் ஆரம்பித்தது” என்பார்கள். இரவில் எழுந்து குளிர்ந்த தண்ணீராகத் தேடுவார்கள், குடித்துவிட்டுப் படுத்தால் மீண்டும் எழுவார்கள். இவரோ இரவில் ஒருமுறை எழுவார், சில நாள் அதுவும் இல்லை. ஆனால் இந்தத் தடயங்களை நம்பி யாருக்கும் நோயின் பெயரைச் சூட்டிவிட முடியாது. பழக்கத்தால் குடிப்பவர்கள் இரவில் எழுவதையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் முழுக்கச் சேகரித்த சிறுநீர் 7.2 லிட்டர். பெரியவர்களுக்கு மூன்று லிட்டரைத் தாண்டினாலே அது அதிகம். சர்க்கரை சரியாக இருந்தது. கால்சியமும் பொட்டாசியமும் சரியாக இருந்தன. லித்தியம் மாத்திரை எதுவும் எடுக்கவில்லை. இந்த மூன்றையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். கால்சியம் கூடினாலோ, பொட்டாசியம் குறைந்தாலோ, லித்தியம் நீண்ட காலம் உடம்பில் இருந்தாலோ சிறுநீரகம் வாசோபிரசினின் பேச்சைக் கேட்காமல் போகும். அப்போது நாள் முழுக்க ஒருவரைத் தாகத்தில் உட்கார வைப்பதற்கு முன்பே விடை கையில் இருக்கும்.

அவர் ஏற்கெனவே வேறோரிடத்தில் ஒரு பரிசோதனை செய்துகொண்டு வந்திருந்தார். சிறுநீரின் ஆஸ்மோலாலிட்டி, அதாவது ஒரு கிலோ தண்ணீரில் எத்தனை மில்லி ஆஸ்மோல் பொருள் கரைந்திருக்கிறது என்ற கணக்கு, 92 என்றிருந்தது. ஓரத்தில் “டயாபடீஸ் இன்சிபிடஸ்?” என்று பேனாவால் எழுதியிருந்தார்கள். நிறையத் தண்ணீர் குடித்த ஒருவரின் ஆரோக்கியமான சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையே சிறுநீரை நீர்க்க விடுவதுதான். 92 என்ற எண் அந்தச் சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதையும் சொல்லலாம், வாசோபிரசின் இல்லை என்பதையும் சொல்லலாம். அதே நிமிடத்தில் இரத்தம் எப்படி இருந்தது என்று தெரியாதவரை அந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது.

எனவே அன்றே இரத்தத்தையும் சிறுநீரையும் ஒன்றாக எடுத்தோம். சிறுநீர் 95. இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவின் ஆஸ்மோலாலிட்டி 279, சோடியம் 136. வாசோபிரசின் இல்லாதவர்களின் உடம்பு எப்போதும் தண்ணீரின் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். அவர்களுடைய சோடியம் பெரும்பாலும் வழக்கமான எல்லையின் மேல் பாதியில் நிற்கும். அதிகமாகக் குடிப்பவரின் உடம்பில் தண்ணீர் எப்போதும் ஒரு படி முன்னால் இருக்கும். சோடியம் கீழ்ப் பாதியில் நிற்கும். 136 அந்தப் பக்கம் சாய்கிறது. ஆனால் வழக்கமான எல்லைக்குள்தான் இருக்கிறது. அது 147ஐத் தாண்டியிருந்து, சிறுநீர் அப்போதும் 300க்குக் கீழே இருந்திருந்தால், தண்ணீரை நிறுத்தும் சோதனையே தேவையில்லை. உடம்பு தானாகவே அந்தச் சோதனையைச் செய்து முடித்துவிட்டது என்று பொருள். அப்படிப்பட்டவரிடமிருந்து தண்ணீரைப் பிடுங்குவது ஆபத்து மட்டும்தான்.

அந்த ஆபத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. 2009இல் லண்டனில், ஏற்கெனவே டயாபடீஸ் இன்சிபிடஸ் இருப்பதாகத் தெரிந்த 22 வயது இளைஞர் ஒருவர் இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்ந்தார். அவருக்குத் தர வேண்டிய மருந்து தரப்படவில்லை. தண்ணீர் கேட்டு அவரே காவல்துறைக்குத் தொலைபேசியில் அழைத்தார். அப்படியும் உடம்பு வறண்டு இறந்துபோனார். இந்த நோய் உள்ளவருக்குத் தண்ணீர் இல்லாத ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் ஏறும்.

சோதனை நாள்

இந்தச் சோதனையை முதல் நாள் இரவே தொடங்கச் சொல்லும் முறைகளும் உண்டு. ஏழு லிட்டர் போகும் ஒருவரை, காரணம் தெரியாத நிலையில், யாரும் பார்க்காத இரவில் தண்ணீரில்லாமல் விட நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காலை எட்டு மணிவரை அவர் விருப்பம்போல் குடித்தார். முந்தின நாளிலிருந்து காப்பி, தேநீர் இல்லை. எட்டு மணிக்குச் சிறுநீர் கழித்துவிட்டு எடை பார்த்தோம், 58.2 கிலோ. அதே எடைக்கருவி, அதே உடை, ஒவ்வொரு முறையும் சிறுநீர் கழித்த பிறகுதான் எடை. இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. எடையில் மூன்று சதவீதம் குறைந்தால் சோதனையை நிறுத்திவிட வேண்டும். இவருக்கு அது ஏறத்தாழ 1.75 கிலோ. அரைக் கிலோ தவறாகக் காட்டும் கருவி நம்மை முன்கூட்டியே நிறுத்தவும் வைக்கும், தாமதமாக நிறுத்தவும் வைக்கும்.

எட்டு மணிக்குச் சிறுநீர் 94, பிளாஸ்மா 280, சோடியம் 137. பத்து மணிக்குச் சிறுநீர் 170. பன்னிரண்டுக்கு 290. அந்த நேரத்தில்தான் அவருக்கு உதடு வறளத் தொடங்கியது. “டாக்டர், வாய் கொப்பளிக்கவாவது விடுங்களேன்” என்று கேட்டார். செவிலியர் கூடவே நின்று கொப்பளிக்க வைத்துத் துப்பச் சொன்னார். இரண்டு மணிக்கு 390, பிளாஸ்மா 290. மூன்று மணிக்கு 450. நான்கு மணிக்கு 468. ஐந்து மணிக்கு 480. எடை 56.9 கிலோ, பிளாஸ்மா 294, சோடியம் 143.

எங்கே நிறுத்துவது என்பதுதான் இந்தச் சோதனையின் நுட்பமான பகுதி. கடிகாரத்தைப் பார்த்து நிறுத்தக் கூடாது. அடுத்தடுத்த மணி நேரங்களில் செறிவு 30க்கும் குறைவாகவே ஏறுகிறது என்றால் சிறுநீரகம் தன்னால் முடிந்த உச்சத்துக்கு வந்துவிட்டது. இவருக்கு மூன்றிலிருந்து நான்குக்கு 18, நான்கிலிருந்து ஐந்துக்கு 12. அதோடு பிளாஸ்மா 295ஐ நெருங்கியிருக்க வேண்டும். அந்த அளவில்தான் ஆரோக்கியமான மூளை வாசோபிரசினைத் தாராளமாக விடும். பிளாஸ்மா 284இல் இருக்கும்போதே நிறுத்திவிட்டு “செறிவு ஏறவில்லை” என்று எழுதினால், மூளைக்குக் கேள்வியே கேட்காமல் பதில் வரவில்லை என்று குறை சொல்வதாகும்.

இதனால்தான் ஆய்வகம் எங்கே இருக்கிறது என்பது முக்கியமாகிறது. பிளாஸ்மாவின் செறிவைச் சோடியம், குளுக்கோஸ், யூரியா மூன்றையும் கொண்டு ஓரளவு கணக்கிட்டுவிடலாம். சிறுநீரின் செறிவை அப்படிக் கணக்கிட முடியாது. உறைநிலையைக் கொண்டு அளக்கும் கருவியில் வைத்து அளந்தே ஆக வேண்டும். மாதிரியை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு மறுநாள் முடிவு வாங்கும் ஏற்பாட்டில் எப்போது நிறுத்துவது என்று எப்படித் தெரியும்? அப்படி நடந்த சோதனைகளின் தாள்களோடு என்னிடம் வருகிறார்கள். எட்டு மணி நேரம் தாகத்தைப் பொறுத்துக்கொண்டதற்குக் கிடைத்ததோ பாதியில் நின்ற ஒரு கோடு. முடிவு அந்த மணி நேரத்துக்குள் கையில் கிடைக்காத இடத்தில் இந்தச் சோதனையைச் செய்யாமல் இருப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

ஐந்து மணிக்கு டெஸ்மோபிரசின் 2 மைக்ரோகிராம் தசையில் ஊசியாகப் போட்டோம். அது வாசோபிரசினைப் போலவே வேலை செய்யும் செயற்கை மருந்து. அடுத்த இரண்டு மணி நேரத்தில் கிடைத்த உச்சம் 497. அதாவது 480இலிருந்து நான்கு சதவீதத்துக்கும் குறைவான ஏற்றம்.

மறைவாகக் குடித்திருந்தால்

அவர் நடுவில் குளியலறைக் குழாயில் குடித்திருக்க மாட்டாரா என்று ஒரு சகா கேட்டார். நியாயமான கேள்வி. தாகம் உண்மையிலேயே தாங்க முடியாததாக இருக்கும்போது மனிதர்கள் கைகழுவும் தண்ணீரையும் குடிப்பார்கள். பூச்சாடித் தண்ணீரைக் குடித்தவர்களைப் பற்றியும் மருத்துவப் புத்தகங்களில் படித்திருக்கிறோம். அதற்காக அவர்களை ஏமாற்றுக்காரர்களாக நடத்துவது எனக்குப் பிடிப்பதில்லை. செவிலியர் கூடவே போவது ஒரு பாதுகாப்பு. அதைவிட நம்பகமான சாட்சி எண்களிலேயே இருக்கிறது.

ஒன்பது மணி நேரத்தில் இவர் கழித்த சிறுநீர் மொத்தம் ஒரு லிட்டர் அளவு. மூச்சிலும் தோலிலும் ஏறத்தாழ 300 மில்லி போயிருக்கும். சேர்த்தால் 1.3 லிட்டர். எடை குறைந்தது 1.3 கிலோ. இரண்டும் பொருந்துகின்றன. இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம். 58 கிலோ எடையுள்ள பெண்ணின் உடம்பில் தண்ணீர் சுமார் 29 லிட்டர். அதில் 1.3 லிட்டர் போனால் பிளாஸ்மாவின் செறிவு நான்கிலிருந்து ஐந்து சதவீதம்வரை ஏற வேண்டும். 280இலிருந்து 294 என்பது ஐந்து சதவீதம். அவர் நடுவில் அரை லிட்டர் குடித்திருந்தால் எடை குறைவு சிறுநீர்க் கணக்கோடு ஒட்டியிருக்காது, பிளாஸ்மா பாதி வழியிலேயே தயங்கி நின்றிருக்கும். அவர் சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இதை அவரிடமும் அவர் கணவரிடமும் எண்களோடு எடுத்துச் சொன்னேன். சந்தேகத்தோடு பார்க்கப்படுவோமோ என்ற அச்சம் அவருக்கு இருந்தது, அது நீங்க வேண்டியிருந்தது.

ஒரே தாள், இரண்டு முடிவுகள்

முதல் மருத்துவர் அட்டவணையைப் பார்த்தார். 300க்கும் 800க்கும் இடையில், ஊசிக்குப் பின் ஏற்றம் 9 சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே அதிகமாகத் தண்ணீர் குடிக்கும் பழக்கம், கோப்பை மூடலாம் என்றார். இரண்டாமவர், ஆரோக்கியமான ஒருவர் இந்த நிலையில் 800ஐத் தொட்டிருக்க வேண்டும், 480 என்பது அதற்கு மிகவும் குறைவு, வாசோபிரசின் அரைகுறையாகச் சுரக்கிறது, டெஸ்மோபிரசின் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்றார்.

இங்கேதான் சிறுநீரகம் எப்படிச் செறிவை உண்டாக்குகிறது என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. சிறுநீர் சேகரிப்புக் குழல்கள் சிறுநீரகத்தின் உட்பகுதி வழியாகக் கீழே இறங்குகின்றன. அந்த உட்பகுதியில் உப்பும் யூரியாவும் அடர்த்தியாகக் குவிந்திருக்கின்றன. வாசோபிரசின் வந்தால் குழலின் சுவரில் அக்குவாபோரின் என்ற தண்ணீர் வாயில்கள் திறக்கும். திறந்ததும், உப்பில் போட்ட மாங்காய்த் துண்டு நீர் விடுவதைப்போல, குழலிலிருந்து தண்ணீர் வெளியே இழுக்கப்படும். உள்ளே மிஞ்சுவது செறிந்த சிறுநீர். ஆக இரண்டு பொருள்கள் வேண்டும்: வாயிலைத் திறக்கும் வாசோபிரசின், வெளியே காத்திருக்கும் உப்பும் யூரியாவும்.

மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் ஏழு லிட்டர் தண்ணீர் அந்த வழியாக ஓடினால் உட்பகுதியில் குவிந்திருந்தது கழுவிக்கொண்டு போய்விடுகிறது. வாயில்களின் எண்ணிக்கையும் குறைந்துவிடுகிறது. பிறகு ஒரு நாள் தண்ணீரை நிறுத்தினால் மூளை வாசோபிரசினை நிறையவே அனுப்பும், இருக்கிற வாயில்கள் முழுக்கத் திறக்கும். ஆனால் சுற்றியுள்ள செறிவே 480தான் என்றால் சிறுநீரும் 480க்கு மேல் போக முடியாது. வெளியிலிருந்து டெஸ்மோபிரசின் போட்டாலும் ஏறாது. ஏற்கெனவே திறந்திருக்கும் வாயிலை மறுபடியும் திறக்க முடியாதல்லவா? அட்டவணையின் 9 சதவீத விதிக்குப் பின்னால் இருப்பது இந்தத் தர்க்கம்தான். வாசோபிரசின் அரைகுறையாக இருப்பவருக்கு வாயில்கள் பாதிதான் திறந்திருக்கும். ஊசி போட்டால் மீதியும் திறந்து செறிவு இன்னும் ஏறும்.

தர்க்கம் அழகாக இருக்கிறது. ஆனால் வாசோபிரசின் அரைகுறையாக இருப்பவரும் பல மாதங்களாக ஐந்தாறு லிட்டர் குடித்துக் கழித்தவர்தான். அவருடைய சிறுநீரக உட்பகுதியும் கழுவப்பட்டிருக்கும். ஊசி அவருடைய வாயில்களைத் திறந்தாலும் வெளியே இழுத்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல், ஏற்றம் ஐந்து சதவீதத்திலேயே நின்றுவிடலாம். இப்படி இரண்டு வெவ்வேறு காரணங்கள் ஒரே எண்ணில் வந்து சேர்கின்றன. 2018இல் பாசெல் நகர மருத்துவர்கள் தலைமையில் வெளிவந்த ஆய்வில், இந்தப் பழைய சோதனை நான்கில் ஏறத்தாழ மூன்று பேருக்குத்தான் சரியான விடை தந்தது, அதாவது 76.6 சதவீதம். உப்புக் கரைசல் ஏற்றி, வாசோபிரசினோடு சேர்ந்து சுரக்கும் கோபெப்டின் என்ற புரதத்தை அளந்தபோது அது 96.5 சதவீதமாக உயர்ந்தது.

அட்டவணை நன்றாக வேலை செய்யும் இடமும் உண்டு. அதையும் சொல்ல வேண்டும். இருசக்கர வாகன விபத்தில் தலையில் அடிபட்டு, சில நாள்களில் பத்து லிட்டர் போகத் தொடங்கிய இளைஞர் ஒருவரின் தாள் என் நினைவில் இருக்கிறது. நான்கு மணி நேரத்திலேயே எடையில் மூன்று சதவீதம் போய்விட்டது, பிளாஸ்மா 300ஐத் தாண்டிவிட்டது, சிறுநீர் மட்டும் 110ஐ விட்டு நகரவில்லை. ஊசி போட்டதும் 500ஐத் தாண்டியது. அந்தத் தாளைப் பார்த்து எந்த இரண்டு மருத்துவர்களும் சண்டை போட மாட்டார்கள். அவருடைய நோய் சில நாள்களே ஆனது என்பதையும் கவனியுங்கள். சிறுநீரகத்தின் உட்பகுதி கழுவப்பட அவகாசம் இருக்கவில்லை, அதனால்தான் ஊசி அவ்வளவு பளிச்சென்று வேலை செய்தது. 480 வந்தவரின் தாளைப் படிக்கும்போது அவர் எத்தனை காலமாகக் குடித்துவருகிறார் என்பதையும் எண்ணோடு சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

மாத்திரை கொடுத்துப் பார்க்கலாமா

“கொடுத்துப் பார்க்கலாம்” என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கவலை வந்துவிடும். வாசோபிரசின் உண்மையிலேயே குறைந்தவருக்கு டெஸ்மோபிரசின் கொடுத்தால் சிறுநீர் குறையும், கூடவே தாகமும் அடங்கும். குடிப்பது தானாகக் குறைந்துவிடும். பழக்கத்தால் குடிப்பவருக்குக் கொடுத்தால் சிறுநீர் குறையும், குடிப்பது குறையாது. உள்ளே போன ஏழு லிட்டருக்கு வெளியேற வழியிருக்காது. இரத்தத்தில் சோடியம் நீர்த்துக்கொண்டே போகும். முதலில் தலைவலி, பிறகு வாந்தி, குழப்பம், கடைசியில் வலிப்பு. அந்தச் சோதனை ஊசிக்குப் பிறகுகூட இந்த ஆபத்து இருக்கிறது. நாள் முழுக்கத் தாகத்தில் இருந்தவர் ஊசி வேலை செய்துகொண்டிருக்கும்போது ஆசைதீரக் குடிப்பார். அதனால் தண்ணீர் நிறுத்தப்பட்ட நேரத்தில் கழித்த சிறுநீரைப்போல் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்குக்குள்தான் குடிக்கச் சொல்வோம். இவருக்கு அன்று இரவுக்கு இரண்டு லிட்டர் என்று பாட்டில்களில் அளந்து வைத்துவிட்டு, மறுநாள் காலை சோடியம் பார்த்தோம். 138.

முதல் மருத்துவரின் “கோப்பை மூடலாம்” என்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. பழக்கம் என்று எழுதி மூடிய கோப்புகளுக்குள், வாசோபிரசின் மூளையிலிருந்து இறங்கிவரும் பிட்யூட்டரிச் சுரப்பியின் காம்பில் வளரும் சிறு கட்டிகள் சில நேரம் ஒளிந்திருக்கும். தாகம் பழக்கத்தால் வந்தது என்றே வைத்துக்கொண்டாலும் அவருக்கு அது உண்மையான தாகம். அவருடைய சிறுநீரகம் உண்மையாகவே மாறிப்போயிருக்கிறது. “ஒன்றுமில்லை, தண்ணீரைக் குறையுங்கள்” என்று சொல்லி அனுப்பினால், மறுநாளே ஏழு லிட்டரிலிருந்து இரண்டுக்கு வந்து, நீர்த்த சிறுநீர் இன்னும் போய்க்கொண்டிருக்க, தலைசுற்றி விழுந்து, “எனக்கு நிஜமாகவே நோய்தான்” என்று முடிவு கட்டித் திரும்பவும் குடிக்கத் தொடங்குவார்.

சிறுநீரகத்துக்கு அவகாசம்

கோபெப்டினை முறையாக அளக்க, 3 சதவீத உப்புக் கரைசலை நரம்பில் ஏற்றிச் சோடியத்தை 150 அளவுக்குக் கொண்டுபோய், அந்த நேரத்தில் இரத்தம் எடுக்க வேண்டும். சோடியத்தை அரை மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய சோதனை அது. எங்கள் ஊரில் அதற்கு வசதி இல்லை. ஆனால் கழுவப்பட்ட சிறுநீரகம்தான் குழப்பத்துக்குக் காரணம் என்றால், அதை மீண்டும் நிரப்பிவிட்டுக் கேள்வியைத் திரும்பக் கேட்கலாம் என்று தோன்றியது. உட்பகுதியில் உப்பும் யூரியாவும் மீண்டும் குவியும். அதற்கு மருந்து தேவையில்லை, குறைவான தண்ணீரும் சில வாரங்களும் போதும்.

எம்ஆர்ஐ எடுத்தோம். பிட்யூட்டரியின் பின்பகுதியில் தெரிய வேண்டிய வெள்ளைப் புள்ளி தெளிவாக இருந்தது, காம்பு மெல்லியதாகவே இருந்தது. அந்தப் புள்ளியை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. ஆரோக்கியமானவர்கள் சிலருக்குக்கூட அது தெரியாது. எனினும் தண்ணீரைக் குறைக்கத் தொடங்குவதற்கு அது ஒரு தைரியம் தந்தது. பிறகு வாரத்துக்கு அரை லிட்டர் வீதம் குறைக்கச் சொன்னேன். காலையில் மொத்தத் தண்ணீரையும் பாட்டில்களில் அளந்து வைத்துக்கொள்வது, எடையைக் குறித்துக்கொள்வது, வாரம் ஒருமுறை சோடியம். உணவில் உப்பையும் பருப்பு, முட்டை போன்ற புரதத்தையும் குறைக்காமல் இருக்கச் சொன்னேன். யூரியா புரதத்திலிருந்துதான் வருகிறது. அவரோ தண்ணீரால் வயிறு நிரம்பிப்போய்ச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்திருந்தார். அக்காவுக்கு வந்த கல் பற்றியும் பேசினோம். கல் வராமல் இருக்க நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போனால் போதும், ஏழு தேவையில்லை என்று கணக்கோடு சொன்ன பிறகுதான் அவர் கை பாட்டிலை விட்டது என்று நினைக்கிறேன். இடையில் ஒரு வாரம் அவரால் குறைக்க முடியவில்லை. அந்த வாரத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வாரம் தொடர்ந்தோம்.

மூன்று லிட்டருக்கு வந்து சில வாரங்கள் அங்கேயே இருந்த பிறகு, இரவு உணவுக்குப் பின் எதுவும் குடிக்காமல் காலையில் முதல் சிறுநீரையும் அதே நேரத்தில் இரத்தத்தையும் எடுத்தோம். தண்ணீரை நிறுத்தி ஒரு நாள் முழுக்க அவரை உட்கார வைக்கத் தேவை வரவில்லை. சிறுநீர் 815, பிளாஸ்மா 289, சோடியம் 140. முன்பு ஒன்பது மணி நேரம் தண்ணீரில்லாமல் இருந்தும், ஊசி போட்டும் 500ஐத் தொடாத அதே சிறுநீரகம், மருந்து எதுவுமில்லாமல் இப்போது 800ஐத் தாண்டியிருந்தது. வாசோபிரசின் போதுமான அளவு இல்லாத ஒருவரால் இது முடியாது.

இந்த வழி எல்லோருக்கும் பொருந்தாது. தண்ணீரைக் குறைக்கும்போது சோடியம் 145ஐத் தாண்டினாலோ, எடை தொடர்ந்து இறங்கினாலோ, தாகம் வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போனாலோ அங்கேயே நிறுத்திவிட்டு, அது பழக்கம் இல்லை என்று எடுத்துக்கொண்டு, கோபெப்டின் சோதனை செய்யக்கூடிய பெரிய நகரத்து மையத்துக்கு அனுப்ப வேண்டும். மனநோய்க்கு மருந்து எடுப்பவர்களிடமும் இதைத் தனியாக முயலக் கூடாது. அந்த மருந்துகளில் சில வாயை வறளச் செய்து தாகத்தைக் கூட்டும், மருந்தை மாற்றாமல் பாட்டிலைக் குறைப்பது நடக்காது. காலைச் சிறுநீர் 500இலேயே நின்றிருந்தால், எம்ஆர்ஐ சுத்தமாக இருந்தாலும், ஆறு மாதத்திலிருந்து ஓர் ஆண்டுக்குள் அதை மறுபடியும் எடுத்துப் பார்த்திருப்பேன். காம்பில் வளரும் சில கோளாறுகள் சிறுநீரில் தெரிந்து பல மாதங்கள் கழித்துத்தான் படத்தில் தெரிகின்றன.